இருமுறை போன பணம்: மன்னிப்புக் கடிதத்தில் தொகையும் தேதியும்

இணையத்தில் சேலை விற்கும் ஒரு சிறு கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஈரோட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 5, சனிக்கிழமை மாலை. ஒரு வாடிக்கையாளர் பருத்திச் சேலை ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். சேலையின் விலை 2,480 ரூபாய், கூரியர் செலவு 70 ரூபாய், ஆக மொத்தம் 2,550 ரூபாய். டெபிட் கார்டு விவரங்களைக் கொடுத்து, ஓடிபியும் போட்டுவிட்டார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான்கு நிமிடம் பொறுத்துப் பார்த்தவர், முதல் முயற்சி போகவில்லை என்று நினைத்து மறுபடியும் பணம் கட்டுகிறார். இந்த முறை ஆர்டர் உறுதியாகிறது. கொஞ்ச நேரத்தில் வங்கியிலிருந்து இரண்டு குறுஞ்செய்திகள் வருகின்றன. இரண்டிலும் 2,550 ரூபாய் எடுக்கப்பட்டதாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்கு எழுதுகிறார்: "ஒரு சேலைக்கு ரெண்டு தடவை காசு போயிருக்கு. மொத்தம் 5,100 ரூபாய். மீதிப் பணம் எப்ப திரும்ப வரும்?"

திங்கட்கிழமை காலை கடையில் ஒரு பதில் தயாராகிறது:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் அதற்காக மிகவும் வருந்துகிறோம். தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தங்கள் கணக்கிலிருந்து இருமுறை தொகை எடுக்கப்பட்டிருக்கலாம். கூடுதலாகப் பெறப்பட்ட தொகை விதிமுறைகளின்படி விரைவில் திருப்பி அளிக்கப்படும். தங்கள் பொறுமைக்கும் ஒத்துழைப்புக்கும் நன்றி."

மரியாதையில் குறைவில்லை, எழுத்துப்பிழையும் இல்லை. ஆனால் அவர் கேட்டது எப்போது வரும் என்ற ஒரே கேள்வி. அதற்கு இதில் பதில் இல்லை. எவ்வளவு வரும் என்பதும் இல்லை. யார் அனுப்பப் போகிறார்கள் என்பதுகூட இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்தவர் அடுத்து என்ன செய்வார்? மறுபடியும் எழுதிக் கேட்பார், அல்லது வங்கிக்குப் போய் அந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் புகார் கொடுப்பார். இரண்டுமே கடைக்குக் கூடுதல் வேலை.

இதைத் திருத்தி எழுதுவது சொற்களை மாற்றுகிற வேலை மட்டும் அல்ல. எழுதத் தொடங்குமுன் கடைக்காரர் ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும்: அந்த இரண்டாவது 2,550 ரூபாய் இப்போது யாரிடம் இருக்கிறது?

பணம் யார் கையில்?

கார்டில் கட்டிய பணம் வாடிக்கையாளரின் வங்கியிலிருந்து நேராகக் கடைக்கு வந்து விழுவதில்லை. நடுவில் கார்டு நிறுவனத்தின் வலைப்பின்னலும், கடைக்குப் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனமும், அதன் வங்கியும் இருக்கின்றன. வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிந்துவிட்டது என்பதாலேயே அது கடைக்கு வந்துவிட்டது என்று ஆகாது.

அதனால் கடைக்காரர் முதலில் கேட்வே நிறுவனம் கொடுத்திருக்கும் கணக்குப் பக்கத்தைத் திறந்து, சனிக்கிழமை மாலை அந்த வாடிக்கையாளர் பெயரில் எத்தனை வரவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே இரண்டில் ஒரு நிலை தெரியவரும்.

முதல் நிலை: 7.42-க்கு ஒன்று, 7.46-க்கு ஒன்று என இரண்டு வரவும் வெற்றி என்றே பதிவாகியிருக்கும். அப்படியானால் கூடுதல் பணம் கடையின் கணக்கில்தான் இருக்கிறது. கடைக்காரர் 'ரீஃபண்ட்' கொடுத்தால்தான் அது நகரும். வங்கி தானாக எதையும் திருப்பாது, ஏனென்றால் வங்கியைப் பொறுத்தவரை இரண்டுமே ஒழுங்காக முடிந்த வியாபாரம்.

இரண்டாவது நிலை: ஒரே ஒரு வரவுதான் இருக்கும். முதல் முயற்சி தோல்வி என்றோ பாதியில் நின்றது என்றோ பதிவாகியிருக்கும். அப்படியானால் கடை அந்தப் பணத்தைப் பெறவே இல்லை. பெறாததைக் கடை திருப்பித் தரவும் முடியாது. அதைத் திருப்பும் பொறுப்பு வங்கிகளுடையது.

வாடிக்கையாளரின் கைபேசியில் இரண்டு நிலைகளும் ஒரே மாதிரித்தான் தெரியும்: இரண்டு குறுஞ்செய்தி, இரண்டு கழிவு. ஆனால் எழுத வேண்டிய கடிதங்கள் வேறு வேறு. இதைப் பார்க்காமல் எழுதுகிறவருக்கு 'எடுக்கப்பட்டிருக்கலாம்', 'விரைவில்' என்பதைத் தவிர வேறு வழியில்லை. நமது உதாரணத்தில் முதல் நிலைதான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரவும் கடைக்கு வந்துவிட்டன.

எவ்வளவு?

'கூடுதலாகப் பெறப்பட்ட தொகை' என்பதற்குப் பதில் 2,550 ரூபாய் என்று எழுத வேண்டும். சின்ன விஷயம்போலத் தோன்றினாலும் இங்கே தவறு நடப்பது வழக்கம்.

கூரியர் செலவைக் கழித்துக்கொண்டு 2,480 ரூபாய் மட்டும் திருப்புவது ஒரு வகைத் தவறு. வாடிக்கையாளர் பொருளைத் திருப்பி அனுப்பும்போது சில கடைகள் அப்படிக் கழிப்பதுண்டு. அந்தப் பழக்கத்தில் இங்கும் கழித்துவிடுகிறார்கள். ஆனால் இது திருப்பி அனுப்பிய சேலை அல்ல, கேட்காமலே கூடுதலாகப் போன பணம். எடுத்தது எவ்வளவோ அவ்வளவும் போக வேண்டும். கேட்வே நிறுவனம் முதல் வரவில் பிடித்த கட்டணம் கடைக்குத் திரும்பக் கிடைக்காமல் போகலாம். அது கடையின் செலவு, வாடிக்கையாளரின் தலையில் ஏற்றக் கூடாது.

இன்னொன்று, எதைத் திருப்புகிறோம் என்பது தெளிவாக இல்லாமல் போவது. 'தங்கள் பணத்தைத் திருப்பி அனுப்பியுள்ளோம்' என்று மட்டும் எழுதினால், ஆர்டரே ரத்தாகிவிட்டதோ என்று வாடிக்கையாளர் பதறுவார். அதனால் தொகையைச் சொல்லும் இடத்திலேயே முழுக் கணக்கையும் இரண்டு வரியில் வைத்துவிடலாம்: எடுத்தது 5,100, சேலைக்கு உரியது 2,550, திரும்பி வருவது 2,550. சேலை வழக்கம்போல் அனுப்பப்படும்.

சமாதானமாக ஒரு தள்ளுபடிக் கூப்பன் கொடுக்கும் ஆசை சிலருக்கு வரும். கொடுப்பதில் தவறில்லை, ஆனால் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. பணத்தைத் திருப்பும்போது, வாடிக்கையாளர் வேறு வழிக்குச் சம்மதித்தால் ஒழிய, கட்டிய வழியிலேயே திருப்ப வேண்டும் என்பது கேட்வே நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதி. கார்டில் போனது கார்டுக்கே வர வேண்டும். கூப்பன் கொடுப்பதானால் பணம் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக அனுப்பலாம். ஒரே கடிதத்தில் 2,550 ரூபாய் ரீஃபண்டும் 200 ரூபாய் கூப்பனும் இருந்தால், கணக்கில் எவ்வளவு வர வேண்டும் என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

வெளிநாட்டு கார்டில் வாங்கியவராக இருந்தால் ஒரு வரி கூடுதலாகத் தேவைப்படும். கடை 2,550 ரூபாயை முழுதாகத் திருப்பினாலும், அவருடைய வங்கி அன்றைய மாற்று விகிதத்தில் கணக்கிடுவதால் அவர் கணக்கில் சில காசுகள் கூடலாம், குறையலாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டால், குறைவாக வந்திருக்கிறது என்ற இரண்டாவது புகார் வராது.

எப்போது?

'விரைவில்' என்பதைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் '5 முதல் 7 வேலை நாட்களில்' என்று எழுதுகிறார்கள். கேட்வே நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் கெடு இது. முன்னதைவிட மேல்தான், ஆனாலும் எண்ணும் வேலையை வாடிக்கையாளரிடம் தள்ளிவிடுகிறது. எந்த நாளிலிருந்து எண்ணுவது? பணம் போன நாளிலிருந்தா, புகார் சொன்ன நாளிலிருந்தா, கடை ரீஃபண்ட் கொடுத்த நாளிலிருந்தா? சனிக்கிழமை கணக்கில் சேருமா?

நமது உதாரணத்தில் எண்ணிப் பார்ப்போம். வாடிக்கையாளர் தன் பணம் போன ஜூலை 5-லிருந்து ஏழு நாள் எண்ணுவார். அவருக்கு 12-ஆம் தேதி வருகிறது. கடை ரீஃபண்ட் கொடுத்தது 7-ஆம் தேதி திங்கட்கிழமை. அதற்கு மறுநாள் தொடங்கி எண்ணினால் 8, 9, 10, 11 ஆகியவை நான்கு வேலை நாட்கள். 12-ஆம் தேதி மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, வங்கிகளுக்கு விடுமுறை. 13 ஞாயிறு. பிறகு 14, 15, 16. ஏழாவது வேலை நாள் ஜூலை 16, புதன்கிழமை.

ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு கடை 16 என்கிறது, வாடிக்கையாளர் 12 என்கிறார். இடையில் இருக்கும் நான்கு நாட்களில்தான் கோபமான இரண்டாவது கடிதம் எழுதப்படுகிறது. 'ஜூலை 16, புதன்கிழமைக்குள்' என்று கடையே எண்ணி எழுதிவிட்டால் அந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. பணம் 10-ஆம் தேதியே வந்துவிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆகவே கெடுவின் கடைசி நாளைத்தான் எழுத வேண்டும், முதல் நாளை அல்ல.

காலத்தைச் சொல்லும் வாக்கியத்தை இரண்டாக உடைப்பது நல்லது. கடை செய்து முடித்தது ஒன்று, வங்கி செய்ய வேண்டியது ஒன்று. 'இன்று காலை 11.20-க்கு அனுப்பிவிட்டோம்' என்பது கடையின் கையில் இருந்த வேலை, அதை உறுதியாகச் சொல்லலாம். 'உங்கள் வங்கி அதை ஜூலை 16-க்குள் கணக்கில் சேர்க்கும்' என்பது கடையின் கையில் இல்லை. அதனால் அந்த வரிக்குப் பின்னாலேயே, சேராவிட்டால் என்ன செய்வது என்பதும் வர வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரீஃபண்ட் பொத்தானை அழுத்தியதுமே பணம் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பல கேட்வே நிறுவனங்கள் அடுத்து கடைக்குச் சேர வேண்டிய இருப்பிலிருந்துதான் ரீஃபண்டை எடுக்கின்றன. இருப்பு போதாவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். 'அனுப்பிவிட்டோம்' என்று எழுதுமுன் அந்தப் பதிவு செல்லுபடியாகிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்டு ரீஃபண்டுக்கு ஓர் அடையாள எண் உண்டு. ஏஆர்என் என்பார்கள், 23 இலக்கம். ரீஃபண்ட் வங்கிக்குப் போன பிறகுதான் இது உருவாகும் என்பதால் கடிதம் எழுதும் அன்றே கையில் இருக்காது. வந்ததும் அனுப்புகிறோம் என்று சொல்லி, சொன்னபடி அனுப்ப வேண்டும். 'என் பணம் எங்கே' என்று வாடிக்கையாளர் வங்கிக் கிளையில் போய்க் கேட்டால், இந்த எண்ணை வைத்துத்தான் அவர்களால் தேட முடியும். யுபிஐ வழியாகப் போன பணமாக இருந்தால் 12 இலக்கக் குறிப்பு எண் அதே வேலையைச் செய்யும்.

எதற்காக மன்னிப்பு?

'சிரமம் ஏற்பட்டிருந்தால்' என்ற வரி போக வேண்டும். 2,550 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. அதில் 'இருந்தால்' என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. 'ஒரு சேலைக்கு உங்களிடம் இருமுறை பணம் எடுத்துவிட்டோம், மன்னிக்கவும்' என்றால் போதும். எது நடந்ததோ அதற்கே மன்னிப்பு. 'மிகவும்', 'ஆழ்ந்த' எல்லாம் சேர்த்தால் கடிதம் நீளுமே தவிர, பணம் சீக்கிரம் வந்துவிடாது.

காரணத்தையும் அதே அளவில் சொல்லலாம். 'தொழில்நுட்பக் கோளாறு' என்பது எதையும் சொல்லவில்லை. நடந்தது என்ன? முதல் முறை பணம் வந்தும் கடையின் பக்கம் அதை உடனே காட்டவில்லை. அதே ஆர்டருக்கு இரண்டாவது முறை பணம் வந்தபோது அதைத் தடுக்கவும் இல்லை. ஓர் ஆர்டர் எண்ணுக்கு ஒருமுறை பணம் வந்துவிட்டால் அடுத்ததை ஏற்காதபடி இணையதளத்தை அமைக்க முடியும். இந்தக் கடை அப்படி அமைக்கவில்லை. இதை இரண்டு வரியில் சொன்னால் வாடிக்கையாளருக்குப் புரியும். 'நீங்கள் இருமுறை அழுத்தியதால்' என்று எழுதுவது உண்மையின் ஒரு பாதி மட்டுமே. திரை சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் யாராக இருந்தாலும் மறுபடி அழுத்தத்தான் செய்வார்கள்.

கடைசியாக ஒரு பாதுகாப்பு வரி. ரீஃபண்ட் தருகிறோம் என்று சொல்லிக் கார்டு எண்ணும் ஓடிபியும் கேட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் பெறுவதற்கு ஓடிபியோ யுபிஐ பின் எண்ணோ தேவையில்லை. கடை அதைக் கேட்காது என்று கடிதத்திலேயே சொல்லிவிட்டால், நடுவில் யாராவது அழைத்தாலும் வாடிக்கையாளர் எச்சரிக்கையாக இருப்பார்.

திருத்திய கடிதம்

வரிசையையும் மாற்றிவிடலாம். கைபேசியில் கடிதம் வந்ததும் முதல் வரிதான் கண்ணில் படும். அவர் கேட்ட கேள்விக்கான பதில் அங்கேயே இருக்கட்டும்.

"வணக்கம். கூடுதலாக எடுத்த 2,550 ரூபாயை இன்று (ஜூலை 7, திங்கள்) காலை 11.20-க்கு உங்கள் டெபிட் கார்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். ஜூலை 16, புதன்கிழமைக்குள் உங்கள் கணக்கில் சேரும்.

ஒரு சேலைக்கு உங்களிடம் இருமுறை பணம் எடுத்துவிட்டோம். மன்னிக்கவும். சனிக்கிழமை மாலை நீங்கள் முதலில் கட்டிய பணம் எங்களுக்கு வந்துவிட்டது, ஆனால் எங்கள் இணையதளம் அதை உங்களுக்குக் காட்டவில்லை. இரண்டாவது முறை கட்டியபோது அதைத் தடுக்கவும் இல்லை. தவறு எங்களுடையது.

எடுத்தது 5,100 ரூபாய். சேலைக்கும் கூரியருக்கும் 2,550 ரூபாய். திரும்பி வருவது 2,550 ரூபாய். உங்கள் ஆர்டர் அப்படியே இருக்கிறது, சேலை நாளை கிளம்பும்.

வங்கியில் கேட்பதற்கான ஏஆர்என் எண் கிடைத்ததும் அனுப்புகிறோம். 16-ஆம் தேதிக்குள் பணம் வராவிட்டால் இந்தக் கடிதத்துக்கே பதில் எழுதுங்கள், நாங்களே விசாரித்துச் சொல்கிறோம். இதற்காக உங்களிடம் கார்டு எண்ணோ ஓடிபியோ கேட்க மாட்டோம்."

கிரெடிட் கார்டாக இருந்தால் ஒரு வரி சேரும்: இடையில் மாதாந்திர பில் வந்துவிட்டால் அதில் இரண்டு தொகையும் இருக்கக்கூடும், ரீஃபண்ட் அடுத்த பில்லில் வரவாகத் தெரியலாம். வரும் வரை கட்டாமல் இருக்கலாமா என்பதை வாடிக்கையாளர் தன் வங்கியிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். கெடு தாண்டினால் வட்டி விழக்கூடும் என்பதால் கடை இதில் யோசனை சொல்லாமல் இருப்பதே நல்லது.

கடைக்கு வராத பணம் என்றால்

இரண்டாவது நிலையில் கடை எழுத வேண்டியது வேறு. பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராத பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு கெடு விதித்தது. இணையத்தில் கார்டு மூலம் கட்டியதானாலும், கடைக்கு யுபிஐ மூலம் கட்டியதானாலும், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதும் அந்த விதியில் இருக்கிறது.

ஜூலை 5-இல் போன பணத்துக்கு இந்தக் கெடு ஜூலை 10. எனவே கடிதத்தின் முதல் பத்தி இப்படி மாறும்: "நீங்கள் முதலில் கட்டிய 2,550 ரூபாய் எங்களுக்கு வந்து சேரவில்லை. எங்கள் வரவுக் கணக்கைப் பார்த்து உறுதிசெய்துகொண்டோம். ரிசர்வ் வங்கி விதிப்படி அது ஜூலை 10-க்குள் தானாக உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உங்கள் வங்கியில் புகார் செய்யுங்கள். பணம் எங்களுக்கு வரவில்லை என்பதற்கு இந்தக் கடிதத்தைக் காட்டலாம்." கடைசி வரி வாடிக்கையாளருக்கு உண்மையிலேயே பயன்படும், ஏனென்றால் வங்கி அவரை முதலில் 'கடையைக் கேளுங்கள்' என்றுதான் அனுப்பும்.

இந்த இரண்டு விதிகளையும் கலந்துவிடக் கூடாது. பணத்தைப் பெற்றுக்கொண்ட கடை ரீஃபண்ட் கொடுக்கத் தாமதித்தால், அந்த 100 ரூபாய் விதி அதற்குப் பொருந்தாது. தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு மட்டுமே அது உரியது. கடை தவறுதலாக அதை எழுதிவிட்டால், நடக்காத ஒன்றை வாக்குக் கொடுத்ததாகிவிடும்.

கடிதம் பெறுகிறவருக்கு

முதலில் பார்த்தது போன்ற கடிதம் உங்களுக்கு வந்தால் மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள். இரண்டு தொகையும் உங்கள் கணக்குக்கு வந்ததா? ரீஃபண்டை எந்தத் தேதியில், எவ்வளவு அனுப்பினீர்கள்? அதன் ஏஆர்என் அல்லது குறிப்பு எண் என்ன? முதல் கேள்விக்கு 'வரவில்லை' என்று பதில் வந்தால் அடுத்துப் போக வேண்டிய இடம் உங்கள் வங்கி. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் முறையிடலாம். 'வந்தது, ஆனால் இன்னும் அனுப்பவில்லை' என்று கடை இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படுவது பணம் போன தேதி, தொகை, குறிப்பு எண். ஆகவே வங்கியின் அந்த இரண்டு குறுஞ்செய்திகளையும் பணம் திரும்பி வரும்வரை அழிக்காதீர்கள்.